புதுப்பிப்பு: பள்ளிக் கட்டணத்துக்காக எஸ்ஐபியை உடைக்காமல் இருக்க

“மாதம் 15,000 மிஞ்சுகிறது. முழுதும் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியில் போட்டால், ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு அதையே உடைக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?”

டிசம்பரில் கடலூரிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

ஆண்டுச் செலவை 12ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்கச் சொன்ன யோசனை பாதிதான் சரி. ஜூனுக்கு ஆறு மாதமே இருந்தது. மிச்ச மாதங்களால் வகுக்கச் சொன்ன வங்கிக்கார அண்ணன் கணக்குதான் கைகொடுத்தது. கட்டணம் 48,000, அதற்கு மாதம் 8,000. ஆகஸ்ட் பிரீமியத்துக்கும் தீபாவளிக்கும் 4,250. எஸ்ஐபிக்கு மிஞ்சியது வெறும் 2,750. வயிறு எரிந்தது, ஆனால் எதையும் உடைக்கவில்லை. ஜூனிலிருந்து, அடுத்த கட்டணத்துக்கு 12 மாதம் இருப்பதால், அதன் பங்கு 4,000 ஆனது; எஸ்ஐபி 6,750.

எதிர்பாராதது: புத்தகம், சீருடைக்குத் தனியாக 5,000 கேட்டார்கள். தீபாவளிப் பங்கில் கைவைத்தேன்; அதை இன்னும் நிரப்பவில்லை.

அப்புறம், தன் ஏலச் சீட்டுக் கதையைச் சொன்ன புதுச்சேரி நண்பரே, ஏலத்தை நம்பி ஜூன் வரை காத்திருக்க எனக்குத் துணிவில்லை.