பணியாளர்களுக்கு 20 போன்: ஆர்டருக்கு முன் சப்ளையருக்கு அனுப்பும் மெயில்

கொள்முதல் மேசை: டெலிவரி பையன்களுக்கு 20 போன் வாங்கும் கடைக்காரர்கள் பலரும் "வாரண்டி எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். "ஒரு வருஷம் சார்" என்று பதில் வரும். அது எந்தத் தேதியிலிருந்து என்பதில்தான் சிக்கல். மெயிலில் இப்படிக் கேளுங்கள்:

"வணக்கம். 6 ஜிபி ராம், 128 ஜிபி மெமரி, இரட்டை சிம் கொண்ட 5ஜி போன் 20 தேவை. சரியான மாடல் எண்ணும், பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை என்பதும் தெரிவிக்கவும். எல்லாம் சீல் பிரிக்காத, ஆக்டிவேட் ஆகாத பெட்டிகளா? வாரண்டி இன்வாய்ஸ் தேதியிலிருந்தா, முதலில் ஆன் செய்த நாளிலிருந்தா? எங்கள் ஜிஎஸ்டி எண்ணுடன், எல்லா ஐஎம்இஐ எண்களும் இன்வாய்ஸில் வேண்டும்."

பில்புக்: இவ்வளவு எதுக்குங்க? ஜிஎஸ்டி பில் கையில இருந்தா வாரண்டி தானா கிடைச்சிடும்.

கொள்முதல் மேசை: பில் அவசியம், சரிதான். ஆனால் சர்வீஸ் சென்டரில் முதலில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயைத் தட்டித்தான் பார்ப்பார்கள். விற்பனைக் கணக்குக் காட்ட முன்பே ஆக்டிவேட் செய்த போன் என்றால், உங்களிடம் வரும்போதே வாரண்டியில் சில மாதம் கழிந்திருக்கும். இரட்டை சிம் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ. அதனால் பட்டியலில் 40 எண் இருக்க வேண்டும். சரக்கு இறங்கியதும் பெட்டி மேல் இருக்கும் எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிட்டு, அதே எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரண்டி தேதி பாருங்கள். பிரித்த பிறகு `*#06#` அழுத்தினால் திரையிலும் அதே எண்கள் வர வேண்டும். `KYM` என்று அடித்து, இடம் விட்டு 15 இலக்க எண்ணுடன் 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது முடக்கப்பட்ட எண்ணா, வேறு போனிலும் ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும்.

மழைக்கால ரைடர்: என் போன் தண்ணி தாங்கும்னு சொல்ற ஐபி68. மழைல நனைஞ்சு ஸ்பீக்கர் போச்சு, வாரண்டி இல்லைன்னுட்டாங்க. அப்ப ஐபி கேட்டு என்ன பிரயோஜனம்?

கொள்முதல் மேசை: ஐபி மதிப்பீடு தண்ணீரைத் தாங்குமா என்பதற்கு, பழுதானால் பொறுப்பேற்போம் என்பதற்கு அல்ல. தண்ணீர் புகுந்த பழுதைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்காது. வண்டியில் சுற்றுபவர்களுக்கு என்றால் உடைசல், தண்ணீர் பாதுகாப்புத் திட்டத்துக்குத் தனி விலை கேளுங்கள். சார்ஜருக்குப் பல கம்பெனிகளில் ஆறு மாதம்தான். பெட்டியில் சார்ஜர் வருகிறதா என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

கணக்குப்பிள்ளை: வரியையும் மெயிலிலேயே தெளிவாக்குங்கள். ஒன்று ரூ.12,000 என்றால் 20க்கு ரூ.2,40,000, 18% ஜிஎஸ்டி ரூ.43,200. விலை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்காவிட்டால் அந்தத் தொகைக்கே தகராறு வரும். இன்வாய்ஸில் உங்கள் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது.

பில்புக்: சரி, முன்னாடியே ஆக்டிவேட் ஆன போனுக்கு பில்லைக் காட்டினா தேதி மாத்தித் தர மாட்டாங்களா?

கொள்முதல் மேசை: சில கம்பெனி பில் தேதியை ஏற்று மாற்றித் தரும், சில தராது. கடைக்குக் கடை பதில் மாறும். அதனால்தான் "ஆக்டிவேட் ஆன போன் வந்தால் 7 நாளில் மாற்றித் தருவோம்" என்ற வரியை சப்ளையர் பதில் மெயிலில் எழுதிக் கொடுத்த பிறகு முன்பணம் போடச் சொல்கிறேன்.