இரண்டு பெட்டிக்கும் ‘திறவுச்சொல்’ என்றே போடலாமா?

கலைவாணி:
வணக்கம். ஆய்வேட்டைப் பதிவேற்றும் படிவத்தை எங்கள் நூலகத்தில் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். அதில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் ஆய்வாளர் தமக்குத் தோன்றும் சொற்களை எழுதலாம். நூலகப் பட்டியலுக்கான மார்க் பதிவில் அது 653 என்ற புலத்துக்குப் போகும். மற்றதில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பொருள் தலைப்புப் பட்டியலில் உள்ளதைத்தான் இட வேண்டும்; அது 650. யாரோ இரண்டுக்கும் ‘திறவுச்சொல்’ என்று போட்டுவிட்டார்கள். மாணவர்களும் ஒரே ஆறு சொற்களை இரண்டிலும் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். தனித்தனிச் சொல் வேண்டும்.

முருகேசன்:
அம்மா, திறவுச்சொல் என்றாலே பிள்ளைகள் கடவுச்சொல் என்று நினைக்கிறார்கள். “திறவுச்சொல் மறந்துபோச்சு சார்” என்று ஒருத்தி வந்து நின்றாள். வலைப்பதிவில் பழகிய ‘குறிச்சொல்’ போதும். என்னைக் கேட்டால் இரண்டாவது பெட்டியே வேண்டாம். முழு ஆய்வேடும் பிடிஎஃப்பாக இருக்கிறதே, கணினி உள்ளே தேடிக் கொடுத்துவிடாதா?

கலைவாணி:
ஒருங்குறியில் தட்டச்சு செய்திருந்தால் சரி ஐயா. பாமினி எழுத்துருவில் அடித்த ஆய்வேட்டில் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது `jkpo;` என்று வந்து விழும். தேடுபொறி பார்ப்பதும் அதைத்தான். அப்படிப்பட்ட ஆய்வேட்டுக்குத் தலைப்பும் இந்தப் பெட்டிகளும் சுருக்கமும்தான் கதி.

போன மாதம் ஒன்று வந்தது. ‘கட்டியங்காரனின் குரல்: ஓர் ஆய்வு’. செய்யாறு வட்டாரத் தெருக்கூத்தைப் பற்றியது. தலைப்பில் தெருக்கூத்தும் இல்லை, செய்யாறும் இல்லை. அந்தப் பெண் கொடுத்த சொற்கள்: தமிழ், கலை, பண்பாடு, மரபு, சமூகம், ஆய்வு. எங்களிடம் இருக்கும் தமிழ் ஆய்வேடுகளில் பாதிக்கு இவை பொருந்தும்.

உட்காரவைத்துப் பேசினோம். ‘செய்யாறு வட்டாரத் தெருக்கூத்தில் கட்டியங்காரன்’ என்று மாற்றினாள். ‘ஓர் ஆய்வு’ போனது யாருக்கும் இழப்பில்லை. ஆனால் ‘தெருக்கூத்து’ என்று தேடினால் ‘தெருக்கூத்தில்’ எங்கள் தளத்தில் அகப்படவில்லை. ஆங்கிலச் சொல்லின் விகுதியை வெட்டிப் பார்க்கும் நிரலுக்கு நம் வேற்றுமை உருபு தெரியாது. அதனால் வேற்றுமை ஏறாத ‘தெருக்கூத்து’, ‘கட்டியங்காரன்’ இரண்டையும் முதல் பெட்டியில் சேர்த்தோம். தேடுகிறவர் `தெருக்கூத்த*` என்று கொடுத்தால் ‘தெருக்கூத்து’, ‘தெருக்கூத்தில்’ இரண்டும் வரும். கடைசி உயிர்க்குறியை விட்டுவிட வேண்டும். அது எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் ஆங்கில எழுத்து. Therukoothu, Therukkuthu, Terukkuttu என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். வெளிநாட்டு நூலகங்களில் terukkūttu. இத்தனையும் முதல் பெட்டியில் இருக்கட்டும். இரண்டாவதில் பட்டியல் ஏற்ற ஒரே வடிவம். ஒரே பொருளை எப்படியெப்படியோ எழுதினவர்களை ஓரிடத்தில் சேர்ப்பது அந்தப் பெட்டிதான் ஐயா.

ரஃபீக்:
என் ஆய்வேட்டுத் தலைப்பில் ‘சர்க்கரை நோய்’ என்றிருக்கிறது, ‘நீரிழிவு’ என்று தேடுகிறவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. வாய்மொழித் தேர்வும் முடிந்துவிட்டது. தலைப்பை மாற்ற யாரிடம் விண்ணப்பிப்பது?

கலைவாணி:
கேள்வி வேறு தம்பி, ஆனாலும் சொல்கிறேன். பட்டம் வாங்கிய தலைப்பில் கைவைக்க முடியாது. நூலகப் பதிவில் சொற்களைச் சேர்க்கலாம். டிஸ்பேஸ் தளமாக இருந்தால் ஆங்கிலத் தலைப்பை `dc.title.alternative` புலத்தில் இடச் சொல்லுங்கள். நீரிழிவு, சர்க்கரை நோய், diabetes மூன்றையும் `dc.subject` புலத்தில் கேளுங்கள். உங்கள் நூலகருக்கு அஞ்சு நிமிட வேலை.

ஜெனிட்டா:
முதலாவதற்குத் ‘தேடுசொல்’, இரண்டாவதற்குப் ‘பட்டியற்சொல்’. தேடுகிறவர் வாயில் வரும் சொல்லை எழுது, பட்டியலில் உள்ளதை எடு. படிவத்தைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

முருகேசன்:
தேடுசொல் நன்றாக இருக்கிறது, குறிச்சொல்லை வாபஸ் வாங்குகிறேன். பட்டியற்சொல்தான் இடிக்கிறது. அரசுப் படிவத்தில் ‘பட்டியல்’ என்றால் சாதிச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். ‘ஏற்புச்சொல்’ என்றால் என்ன?

ஜெனிட்டா:
அப்படியானால் மற்றதெல்லாம் ஏற்கப்படாத சொல்லா? மாணவர் பயந்துவிடுவார். பட்டியல் ஏற்றதும் நிலையானதல்ல. சமையலுக்கு ‘குக்கரி’ என்று வைத்திருந்தவர்கள் 2010-இல் ‘குக்கிங்’ என்று மாற்றினார்கள். அன்றைய பட்டியலில் இருப்பது, அவ்வளவுதான்.

முருகேசன்:
பட்டியல் மாறும் என்றால் பழைய பதிவுகளை யார் திருத்துவது?

கலைவாணி:
நாங்கள்தான். அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். திங்கட்கிழமை படிவம் அச்சுக்குப் போகிறது. தேடுசொல்லை ஏற்றிவிட்டேன். இரண்டாவதற்கு இப்போதைக்கு ‘பட்டியலிலிருந்து எடுக்கும் சொல்’ என்று நீட்டியே எழுதிவைத்திருக்கிறேன். அதற்குள் நல்லது யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.