ரூபாயைச் சிங்கப்பூர் வெள்ளியாக ஏர்போர்ட்டில் மாற்றவா, காரைக்குடியிலேயே மாற்றவா?

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். அடுத்த மாதம் ஆச்சியைச் சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். போன தடவை அவசரத்தில் ஏர்போர்ட் கவுண்டரில் 500 வெள்ளி வாங்கினேன். வெள்ளிக்கு 71.50 ரூபாய் போட்டார்கள், 35,750 ஆனது. அன்றைக்கே டவுன் கடையில் 67 ரூபாய்க்கு வாங்கியதாகக் கூட வந்தவர் சொன்னார். 2,250 ரூபாய் போச்சு! 'கமிஷன் இல்லை' என்ற போர்டை நம்பியது என் தப்பு. கமிஷன் ரேட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஜிஎஸ்டி எங்கே வாங்கினாலும் அறுபது ரூபாய் சொச்சம்தான்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ரிசர்வ் வங்கி உரிமம் வைத்து, ரசீதும் தருகிற கடை இருக்கிறதா? மிச்ச வெள்ளியைத் திரும்பக் கொடுத்தால் என்ன ரேட் போடுகிறார்கள்? பாஸ்போர்ட், டிக்கெட்டோடு பான் கார்டும் கேட்பார்களா? அண்மையில் மாற்றியவர்கள் சொல்லுங்கள்.