நெறி எடுத்தபின் கை வீங்கியது: உங்களுக்கு எப்படி ஆரம்பித்தது?

பல்லடம் ஓவர்லாக்
பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். இடது மார்பில் கேன்சர் ஆபரேஷன் ஆகி, அக்குளில் இருந்த நெறிக் கணுக்களில் 17 எடுத்தார்கள், அப்புறம் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். எல்லாம் முடிந்து ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தேன். 14-வது மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது இடது கை ரவிக்கை மட்டும் இழுத்துப் பிடித்தது. தையல் கோளாறு என்று நினைத்துப் பிரித்துத் தைத்தேன், தைக்கிற புத்தி வேறெங்கே போகும். பத்து நாளில் வளையலும் ஏறவில்லை. வலியே கிடையாது, பொழுதானால் கை ஈரத்துணி மாதிரி கனக்கும், காலையில் பாதி குறைந்திருக்கும்.

கழுத்தில் கிடக்கிற இஞ்ச் டேப்பில் சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பி அளந்தேன். முழங்கைக்கு 10 செ.மீ. கீழே வலது 23, இடது 25.5. நான் வலக்கைக்காரி, இடது கை எப்போதுமே ஒரு நூல் மெலிவாகத்தான் இருக்கும், அப்படிப் பார்த்தால் வீக்கம் இன்னும் கூடத்தான். உங்களுக்கெல்லாம் எப்படித் தெரிந்தது, என்ன செய்தீர்கள், எழுதுங்கள்.

காங்கேயம் அண்ணன்
அம்மிணி, இது நீர்தானே, நீர் மாத்திரை போட்டால் இறங்கிவிடும். எங்க அப்பாவுக்கு ரெண்டு காலும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. டாக்டர் நீர் மாத்திரை கொடுத்து உப்பைக் குறைக்கச் சொன்னார், ஒரே வாரத்தில் செருப்பு பழையபடி போட்டார்.

கீழ்பவானி பிசியோ
அண்ணா, அப்பாவுக்கு ரெண்டு காலும் வீங்கியதால் அது பெரும்பாலும் இதயமோ சிறுநீரகமோ சம்பந்தப்பட்டது, அங்கே மாத்திரை சரிதான். அக்காவுக்கு ஒரே கை. இது வேறு கதை, நம்ம வாய்க்காலை வைத்தே சொல்கிறேன்.

கீழ்பவானியில் தண்ணீர் விட்டால் கரையோரம் கசிவு இருக்கும் இல்லையா. ரத்தக்குழாயும் அப்படித்தான் கசிகிறது. ஒரு நாளைக்கு உடம்பு முழுக்க 8 லிட்டர் வரை திசுவுக்குள் போகிறது, கூடவே கொஞ்சம் புரதமும். கசிவுநீர் ஓடையில் சேர்ந்து ஆற்றுக்குப் போவது மாதிரி, இது நிணநீர்க் குழாயில் சேருகிறது. வாசலில் இருக்கும் குழாயின் செல்கள் கதவு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். திசு உப்பினால் நார்கள் அவற்றை இழுத்துத் திறக்கும், நீர் உள்ளே போனதும் மூடிக்கொள்ளும். வழியில் கணுக்களிலேயே ஒரு பாதி நீர் ரத்தத்துக்குத் திரும்பிவிடும், மீதி காறை எலும்புக்குப் பின்னால் பெரிய சிரையில் போய்க் கலக்கும்.

அக்குளில் கணுவை எடுத்து, கரண்டில் தழும்பும் விழுந்தால் ஓடை அடைந்த மாதிரிதான். தண்ணீரோடு புரதமும் தேங்கும். மாத்திரை தண்ணீரைத்தான் வெளியேற்றும். உவர் காட்டில் தண்ணீர் வற்றினால் உப்பு மேலே பூக்குமே, அப்படிப் புரதம் அங்கேயே நிற்கும், நின்று மறுபடியும் தண்ணீரை இழுக்கும். நாளாக நாளாக நாரும் கொழுப்பும் சேர்ந்து குழி விழாமல் கெட்டியாகிவிடும். அக்கா, இப்போது அழுத்தினால் குழி விழுகிறதா?

பல்லடம் ஓவர்லாக்
விழுகிறது கண்ணு, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. ஆனால் அடைத்தது 14 மாதத்துக்கு முன்னால்தானே, அப்போதே ஏன் வீங்கவில்லை?

கீழ்பவானி பிசியோ
நல்ல கேள்வி. நிணநீருக்கு இதயம் மாதிரி தனி மோட்டார் கிடையாது. குழாயில் அடுத்தடுத்து வால்வுகள், ரெண்டு வால்வுக்கு நடுவில் உள்ள துண்டு தானாகவே நிமிஷத்துக்குச் சில தடவை சுருங்கி அடுத்த துண்டுக்குத் தள்ளும். போக வழி குறைந்தால் மீதிக் குழாய்கள் கூடுதல் வேலை செய்து சமாளிக்கும், பக்கவழிகளும் திறக்கும். நாள்பட இழுவை தாங்காமல் குழாய் அகன்றால் வால்வின் ரெண்டு இதழும் ஒட்டாது, தள்ளியது பின்னாலேயே வரும். அதனால்தான் சிலருக்கு வருஷங்கள் கழித்து வருகிறது. இதோடு தசை அசைவும் மூச்சும் சேர்ந்து தள்ளும். இந்த வீக்கத்துக்குத் துணிக்கட்டு ஏன் போடுகிறோம் என்றால், கையை அசைக்கும்போது தசைக்கும் துணிக்கும் நடுவில் நீர் பிழியப்படும். அதனால் கட்டோடு கையை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா வைத்திருந்தால் பாதிப் பலன்தான்.

மஞ்சக்காட்டு மருமகள்
எனக்கும் இதேதான், ஆனால் கெட்டது வேறு இடத்தில். மாசியில் மஞ்சள் வெட்டும்போது விரலில் ஒரு சின்னக் கீறல், மண்ணோடே விட்டுவிட்டேன். அன்று ராத்திரி குளிரில் கட்டில் ஆடியது, 103 டிகிரி. விடிந்தபோது மணிக்கட்டிலிருந்து மேலே சிவந்து, தொட்டால் சுட்டது. போன இடத்தில் முதலில் சுளுக்கு என்று சொல்லி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள். அதில் ஒரு நாள் போச்சு. அப்புறம் இன்னொரு டாக்டர்தான் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் ஏற்றினார். அதிலிருந்து வீக்கம் பழைய அளவுக்கு இறங்கவே இல்லை.

கீழ்பவானி பிசியோ
அதுதான் பயமே. கால்ல முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பார்களே, கணு அங்கே கிருமியைப் பிடித்துச் சண்டை போடுகிறது, அந்த வலிதான் அது. கணு குறைந்து நீரும் தேங்கிய கையில், பிடிக்க வேண்டிய இடத்துக்குக் கிருமி ஒழுங்காகப் போய்ச் சேராது. ஒவ்வொரு தொற்றும் இருக்கிற குழாயையும் கெடுக்கும். திடீர்க் காய்ச்சலும் சிவப்பும் வந்தால் ஒத்தடம், மசாஜ் எதுவும் வேண்டாம், அன்றைக்கே டாக்டர்.

தாராபுரம் பேரன்
கை பற்றித் தெரியாது, எங்க அப்புச்சிக்குக் கால். தஞ்சாவூர்ப் பக்கம் ரைஸ்மில்லில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தார், யானைக்கால். கொசு மூலம் வந்த புழு குழாய்க்குள்ளேயே தங்கிக் கெடுத்துவிட்டது. ராத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை, இந்த நிலையில் பல பேருக்கு அப்படித்தான் என்றார்கள். மாத்திரையால் கால் சிறுக்கவில்லை. மாதாமாதம் வந்த குளிர்க்காய்ச்சல் மட்டும், அம்மாயி தினமும் ராத்திரி சோப்புப் போட்டுக் கழுவி விரலிடுக்கு ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க ஆரம்பித்த பிறகு, வருஷத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. விரலிடுக்கில் சேத்துப்புண் இருந்தால் அதன் வழியாகக் கிருமி நுழைகிறதாம்.

காங்கேயம் அண்ணன்
சரி, மாத்திரையை வாபஸ் வாங்கிக்கிறேன். விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தால்?

மஞ்சக்காட்டு மருமகள்
வேண்டாங்க. எங்க மாமியார் செய்தார்கள், சாயங்காலத்துக்குள் இன்னும் உப்பியது. சூடுபட்டால் ரத்த ஓட்டம் கூடி அதிகம் கசியுமாம்.

பல்லடம் ஓவர்லாக்
இடது கையில் பிபி பார்க்கக் கூடாது, ஊசி கூடாது என்று ஆயுசுக்கும் சொல்லி அனுப்பினார்கள். இப்போது வேறொரு டாக்டர் அவசியமானால் பரவாயில்லை என்கிறார்.

கீழ்பவானி பிசியோ
அதில் எங்களுக்குள்ளேயே கருத்து ஒன்றில்லை. ஒரு தடவை பிபி பார்த்ததால் வீங்கிவிட்டது என்பதற்குப் பலமான ஆதாரம் இல்லை, ஆனால் வலது கை இருக்கும்போது இடதை நீட்ட வேண்டியதும் இல்லை. நான் என் நோயாளிகளிடம் வலதையே கொடுக்கச் சொல்கிறேன்.

பல்லடம் ஓவர்லாக்
மூணு வாரம் தினமும் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். இஞ்ச் டேப்பில் 25.5 இப்போது 24. கையை இறுக்கிப் பிடிக்கிற அளவெடுத்த ஸ்லீவ் வந்துவிட்டது, பகல் முழுக்கப் போட்டு மெஷினில் உட்காருகிறேன். பஞ்சுத்தூசி ஒட்டிக்கொண்டு அரிக்கிறது. ராத்திரி கழற்றினால் விடியும்போது 24.3 காட்டுகிறது. ராத்திரிக்குக் கட்டுப் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா, தூக்கம் வருகிறதா?