166-இல் அலனின்: புதுப்பிப்பு

முன்பு நான் கேட்டது: "பென்சிலின் வகை மருந்துகளை உடைக்கும் டெம்-1 பீட்டா-லாக்டமேஸ் நொதியில் 166ஆம் குளூட்டமேட்டை அலனினாக மாற்றினேன். உடைந்தால் நிறம் மாறும் நைட்ரோசெஃபினில் நிறம் சட்டென்று கொஞ்சம் ஏறி, நின்றுவிடுகிறது. புரதம் மடியவில்லையா?"

மடிந்துதான் இருக்கிறது. எங்கள் பெங்களூரு ஆய்வகத்து அக்கா சொன்னபடி அந்த முதல் ஏற்றத்தை மட்டும் அளந்தேன். 5 மைக்ரோமோலார் நொதிக்கு, 486 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் சுமார் 0.1. அதாவது ஒரு நொதி மூலக்கூறு ஏறக்குறைய ஒரு நைட்ரோசெஃபினை உடைத்துவிட்டு நிற்கிறது. நொதியின் செரின் 70 நைட்ரோசெஃபினின் பீட்டா-லாக்டம் வளையத்தைத் திறந்து தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. அதை விடுவிக்கும் நீரைத் தூண்ட 166ஆம் குளூட்டமேட் இல்லை.

"குளூட்டமேட்தான் வளையத்தைத் தாக்குகிறது" என்ற தம்பி பாதி சரி. அது தேவைதான், தாக்குவது செரின்.

லிப்பேஸ் செய்பவர் தன் பிளாஸ்மிட் ஆம்பிசிலின் எதிர்ப்பு வகை என்றார். அவருக்குப் பரவாயில்லை. இந்த நொதிக்கு அது ஆபத்து: அந்த எதிர்ப்பு மரபணுவே பெரும்பாலும் மாறாத டெம் நொதியைத்தான் செய்யும். புரதத்தைத் தூய்மையாக்கும் நிக்கல் பத்தியைத் தாண்டி அது துளி வந்தாலும் நிறம் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் கனமைசின் பிளாஸ்மிட்.

அப்புறம், முதல் ஏற்றத்துக்குப் பின்னும் நிறம் மிக மெதுவாக ஏறுவது மிச்சம். அது மெதுவான விடுவிப்பா, ஈ. கோலையின் சொந்த ஆம்ப்-சி நொதியா? வெறும் பிளாஸ்மிட் செல்களையும் அதே பத்தியில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.