மழைக்கால பேக்கேஜில் "ஸ்பா கிரெடிட்" என்று எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

மூணாறு முன்மேசை
போன ஜூலையில் நான் எழுதிய வரி: "2 இரவு, காலை உணவு, ரூ. 2,000 ஸ்பா கிரெடிட். நிபந்தனைகளுக்கு உட்பட்டது." மதுரை அக்கா ஒருவர் ஸ்பா விலைப்பட்டியலை என் மேசையில் விரித்து, நனைந்த விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தார். "தம்பி, இதுல ரெண்டாயிரத்துக்கு எது?" எதுவுமே இல்லை. ஆகக் குறைந்த எண்ணெய்த் தேய்ப்பான அபியங்கமே 2,600, வரி தனி. அந்தக் கிரெடிட்டும் அறைக்குத்தான், தலைக்கு இல்லை. வித்தியாசத்தை நாங்களே போட்டோம். அந்த விரல்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த வருஷம் எழுதியிருப்பது: "ஓர் அறைக்கு, தங்கும் நாள் முழுவதற்கும் சேர்த்து ரூ. 2,000. 60 நிமிட அபியங்கம் ரூ. 2,600, மீதி 600-உம் வரியும் நீங்கள் தர வேண்டும். பணமாகவோ சாப்பாட்டுக்கோ மாற்ற முடியாது." முதலாளி, "இவ்வளவு பச்சையாவா?" என்கிறார்.

எண்ணெய்க்கை
தொகை சரி. நேரத்தை எழுதவில்லையே! வெயில் நாளில் பாதிப் பேர் ஊர் சுற்றப் போவார்கள். மழையில் எல்லோரும் ஒரே மதியம் ஸ்பா வாசலில் நிற்பார்கள். எங்களிடம் பெண்களுக்கு இரண்டு சிகிச்சையாளர்கள், ஆண்களுக்கு ஒருவர். குளியலும் அறையைத் துடைப்பதும் சேர்த்தால் ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம். நாளைக்கு ஐந்து சுற்று. அதாவது ஆண்கள் ஐந்து பேர்தான். 14 அறையும் நிறைந்த அன்று ஒரு பெரியவர் பெட்டியும் கையுமாகக் கேட்டார்: "காலாவதியானது என் கிரெடிட்டா, உங்க வாக்கா?" அப்புறம்தான் "முன்பதிவின்போதே நேரம் குறித்துக்கொள்ளுங்கள், எங்களால் நேரம் தர முடியாவிட்டால் தொகையை பில்லில் கழிப்போம்" என்று சேர்த்தோம். இரண்டு நாள் எண்ணெய்த் தேய்ப்பைக் கர்க்கடக சிகிச்சை என்றும் எழுதாதீர்கள். அது நாள்கணக்கில் பத்தியத்தோடு செய்வது.

பயண ஏஜென்ட், தேனி
ஸ்பாவை விடுங்கள். மழை நிபந்தனைதான் முக்கியம். ரெட் அலர்ட் என்றால் முழுப் பணமும் திருப்பித் தர வேண்டும், சட்டமே அப்படித்தான்.

மூணாறு முன்மேசை
எந்தச் சட்டம் அண்ணே? அதோடு அலர்ட் மாவட்டத்துக்குத் தருவது. இடுக்கிக்கு ஆரஞ்சாக இருக்கும்போதே கேப் ரோட்டில் மண் சரியலாம். உங்கள் தேனி ஆட்கள் அந்த வழியாகத்தானே வருகிறார்கள்? நான் "இடுக்கிக்கு ரெட் அலர்ட், அல்லது நீங்கள் வரும் சாலையை நிர்வாகம் மூடினால் தேதி மாற்றம் இலவசம்" என்று போட்டிருக்கிறேன். பணம் திரும்பத் தருவதற்கு முதலாளி இன்னும் சம்மதிக்கவில்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா
எனக்குக் கிரெடிட் எல்லாம் சரியாகவே கிடைத்தது. மேசையில் படுத்த பிறகுதான், "எத்தனை மாசம்?" என்று கேட்டு எழுப்பி அனுப்பினார்கள். நான்காம் மாதம். கணவர் தேய்த்துக்கொண்டு வந்தார், நான் வராந்தாவில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையும் முன்கூட்டியே எழுத மாட்டீர்களா?