காரைக்குடி வீட்டு மனை விற்பனை: தலைப்பையும் விவரத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்

சங்க உறவுகளுக்கு வணக்கம். 2012-இல் வாங்கிப் போட்ட மனையை விற்கப் போகிறேன். விளம்பரம் இப்படி எழுதியிருக்கிறேன்: “வேகமாக வளரும் காரைக்குடி மாநகராட்சியில் பொன்னான வாய்ப்பு! ஐந்தரை சென்ட் அப்ரூவல் மனை. பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம். விலை பேசிக்கொள்ளலாம்.” தலைப்பு ஆளை இழுக்கிறதா?
– துபாய்

தம்பி, வரன்முறை ஆணை வாங்கிவிட்டாயா? அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிய 2016-இல் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, அந்த ஆணை இல்லாத மனைக்குப் பத்திரப் பதிவே கிடையாது.
– தோகா மாமா

என் மகன் அமெரிக்கக் குடிமகன், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறான். ஊரில் தோப்பும் வயலும் சேர்ந்து மூன்று ஏக்கர் வருகிறது. அவன் பெயரில் வாங்கலாமா?
– ஹூஸ்டன் அக்கா

மாமா சொன்னது பாதி சரி. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டு மனையாகப் பதிவான இடத்தை மறுபடி பதிய வழி இருக்கிறது. ஆனால் வரன்முறை இல்லாவிட்டால் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. வங்கிக் கடனுக்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள். தம்பி எனக்குத் தனியாக அனுப்பிய தாள்களில் 2019-இல் வாங்கிய வரன்முறை ஆணை இருக்கிறது. அப்படியிருக்க “அப்ரூவல் மனை” என்று ஏன் மூட்டமாக எழுத வேண்டும்? மனைப்பிரிவு முழுவதற்கும் டி.டி.சி.பி. அங்கீகாரம் இருப்பது வேறு, தனி மனையை வரன்முறை செய்திருப்பது வேறு. பஞ்சாயத்துத் தலைவர் முத்திரை குத்திய பழைய வரைபடத்தைக்கூட “அப்ரூவல்” என்றுதான் தரகர்கள் விற்றார்கள். ஆகவே ஆணையின் ஆண்டைப் போட்டு, நகல் தருவதாக எழுது.

அடுத்தது அளவு. பத்திரத்தில் முகப்பு 40 அடி, பின்புறம் 36 அடி, ஆழம் 60 அடி. சராசரி அகலம் 38 அடி என்றால் பரப்பு 2280 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் ஐந்தேகால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. முகப்பை மட்டும் பார்த்து 40-க்கு 60 என்று பெருக்கினால்தான் ஐந்தரை வரும். வாங்குபவர் சர்வேயரோடு வந்து டேப்பை விரிக்கும் நாளில் ஏறக்குறைய 120 சதுர அடி குறையும், அத்தோடு உன் மற்ற சொற்களையும் நம்ப மாட்டார். நான்கு பக்க அளவையும் அப்படியே போடு. பின்புறம் குறுகுவதை மறைக்காதே; கட்டுகிறவருக்கு அது முதல் கேள்வி.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது உண்மை. ஆனால் உன் ஆணையில் இருப்பது ஒரு ஊராட்சியின் பெயர். இன்றைக்கு எல்லை எங்கே நிற்கிறது என்று உள்ளூரில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை “காரைக்குடி அருகே” என்றே எழுது. “ஐந்து நிமிடம்” என்பது யார் ஓட்டும் வண்டியில்? கிலோமீட்டர் கணக்கைச் சொல். மண் சாலை என்றால் மண் சாலை என்றே எழுது. மழையில் எடுத்த படம் ஒன்று இருந்தால் சேர், தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டு வரும் பாதி அழைப்புகள் நின்றுவிடும்.

ஹூஸ்டன் அக்கா கேட்டது வேறு கதை, ஆனால் தம்பிக்கும் அதில் வேலை இருக்கிறது. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் வீட்டு மனை வாங்கலாம், விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வயலும் தோப்பும் மகனுக்கு ஆகாது, அக்கா. தம்பியின் பட்டாவில் இன்னும் “புஞ்சை” என்றே இருக்கிறது. இங்கே பல வீட்டு மனைகளுக்கு அப்படித்தான். வெளிநாட்டில் இருப்பவர் அதைக் கண்டு பயப்படுவார், அதனால் விளம்பரத்திலேயே சொல்லிவிடுவது மேல். அப்படி ஒருவர் வாங்க வந்தால், ஆணையை வைத்து மட்டும் முடிவு செய்யாமல் வக்கீலிடம் காட்டச் சொல்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“காரைக்குடி அருகே 2280 சதுர அடி வீட்டு மனை, வடக்குப் பார்த்தது, 2019 வரன்முறை ஆணையுடன்.

முகப்பு 40 அடி, பின்புறம் 36 அடி, ஆழம் 60 அடி. முன்னால் 30 அடி மண் சாலை. செம்புறாங்கல் மண். தனிப் பட்டா என் பெயரில், வகைப்பாடு புஞ்சை. வரன்முறை ஆணையின் நகல் தரப்படும். 2012 கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று பார்வைக்குத் தரப்படும். ஆழ்துளைக் கிணறு இல்லை. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் வாங்குபவர் வருமான வரி பிடித்தம் செய்து கட்ட வேண்டும். விலை: …”

கடைசி வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். விலையைப் போடாவிட்டால் வேடிக்கை பார்ப்பவர்கள்தான் கூப்பிடுவார்கள்.
– சென்னை அண்ணன்

வரிப் பிடித்தத்தை விளம்பரத்தில் போட்டால் வருகிறவனும் ஓடிவிடுவான் அண்ணே. நேரில் சொல்லிக்கொள்ளலாமே.
– தோகா மாமா

முன்பணம் வாங்கிய பிறகு சொன்னால் பேரமே முறியும், மாமா. விற்பவர் உள்ளூர்க்காரர் என்று நினைத்து வாங்குபவர் குறைவாகப் பிடித்துவிட்டால், மீதியை வரித்துறை கேட்பது வாங்கியவரிடம்தான்.
– சென்னை அண்ணன்

தலைப்பை மாற்றிவிட்டேன் அண்ணே, வரி விஷயமும் இருக்கட்டும். விலைதான் ஓடவில்லை. பக்கத்து மனைக்காரர் சொல்லும் தொகைக்கும் அரசு வழிகாட்டி மதிப்புக்கும் வெகு தூரம். கோலாலம்பூர் சித்தப்பா போன வருடம் அதே தெருவில் விற்றார். அவர் வாயைத் திறந்தால் நல்லது.
– துபாய்